பாலும் மூச்சும்: கைக்குழந்தைகளின் மூச்சு நுண்குழல் அழற்சி

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால், பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பங்களிலிருந்து பொன்னேரிக்குக் கைக்குழந்தைகளை ஏந்தி வரும் தாய்மாரின் எண்ணிக்கை கூடிவிடும். அவர்கள் சொல்லும் முதற்சொல் பெரும்பாலும் மூச்சைப் பற்றியதாக இருப்பதில்லை. “மூணு நாளாச் சளி; நேத்துலேருந்து பால் குடிக்க மாட்டேங்குறான்” என்பதே அச்சொல். பிள்ளைக்கு மாந்தம் என்றோ, கணை என்றோ வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். நாங்கள் குழந்தையின் சட்டையை விலக்கிப் பார்க்கும்போது, விலா எலும்புகளுக்குக் கீழே தோல் ஒவ்வொரு மூச்சுக்கும் குழிவிழுந்து எழும்.

பால் குடியாமையும் விரைந்த மூச்சும் இருவேறு நோய்கள் அல்ல. ஒரே நோயின் இரு முகங்கள். இந்நோயை மருத்துவர்கள் பிராங்கியோலைட்டிஸ் என்பர்; தமிழில் மூச்சு நுண்குழல் அழற்சி எனலாம். பிள்ளையின் பாலையும் மூச்சையும் வீட்டிலேயே எவ்வாறு கணக்கிடுவது, எந்த நிலையில் புறப்பட வேண்டும், மருத்துவமனையில் என்ன செய்யப்படும், என்ன செய்யப்படாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

நோய் எங்கே நிகழ்கிறது?

நாம் இழுக்கும் காற்று மூச்சுக்குழலில் இறங்கி, மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து, இறுதியில் மிக நுண்ணிய குழல்களின் வழியே நுரையீரலின் காற்றறைகளை அடைகிறது. அந்நுண்குழல்களின் உட்சுவர் வீங்கி, அதனுள் சளி அடைத்துக்கொள்வதே இந்நோய். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே இது வருகிறது. அவர்களுள்ளும் முதல் ஆறு மாதத்தில் உள்ளோரையே மிகுதியாகத் தாக்குகிறது.

இதற்குக் காரணம் வைரஸ் கிருமிகள். அவற்றுள் முதன்மையானது ஆர்.எஸ்.வி. எனப்படுவது. 1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் சளி பிடித்த சிம்பன்சிகளிடத்தில் இது முதலில் கண்டறியப்பட்டது. அதன்பின் விரைவிலேயே, நெஞ்சுச்சளி கண்ட கைக்குழந்தைகளிடத்திலும் அதே கிருமி இருப்பது தெரியவந்தது. பெரியவர்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது வெறும் சளியாக வந்து போகும். அதே கிருமி நான்கு மாதக் குழந்தையின் மூச்சை முட்டச் செய்வது ஏன்? குழந்தையின் நுண்குழல்கள் மிகக் குறுகலானவை என்பதே விடை. ஒரு குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அதன் வழியே காற்றைச் செலுத்தத் தேவைப்படும் முயற்சி இரு மடங்காவதில்லை; ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது. பெரியவரின் அகன்ற குழலில் சிறிது வீக்கம் உணரப்படுவதே இல்லை. குழந்தையின் குழலில் அதே வீக்கம் பாதி வழியை அடைத்துவிடுகிறது.

நோயின் நாட்கணக்கையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்கள் மூக்கொழுகல், தும்மல், சிறு காய்ச்சல் ஆகியவையே இருக்கும். பின்னர் இருமலும் இரைப்பும் தொடங்கும். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை நோய் உச்சத்தில் நிற்கும். அதன்பின் மெல்லத் தணியும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம். ஆகவே சளி பிடித்த இரண்டாம் நாளில் மருத்துவரிடம் காட்டி, “ஒன்றுமில்லை” என்று கேட்டுத் திரும்பிய குழந்தை நான்காம் நாளில் மூச்சுத் திணறினால், மருத்துவர் பிழை செய்தார் என்றே பொருள் கொள்ள வேண்டியதில்லை. நோய் தன் உச்சத்துக்கு ஏறியிருக்கலாம். எனவே, ஒருமுறை காட்டிவிட்டோம் என்று இராமல் ஐந்தாம் நாள் கடக்கும்வரை குழந்தையைக் கவனித்துவர வேண்டும்.

பால் குடிக்க மூச்சு ஏன் தேவை?

குழந்தை பால் குடிப்பதை உற்று நோக்கினால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும்: உறிஞ்சும், விழுங்கும், மூச்சுவிடும். விழுங்கும் அந்தக் கணத்தில் மூச்சு நிற்க வேண்டும்; இல்லாவிடில் பால் மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். நலமான நான்கு மாதக் குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு முப்பது முதல் நாற்பது முறையளவு மூச்சுவிடும். அதாவது, ஒரு மூச்சுக்கு ஒன்றரை முதல் இரண்டு வினாடி கிடைக்கிறது. அதற்குள் ஒரு வாய் பாலை விழுங்க இடமுண்டு. மூச்சு நிமிடத்துக்கு அறுபதை எட்டிவிட்டால், ஒரு மூச்சுக்கு ஒரு வினாடிதான். விழுங்குவதற்கு இடைவெளி இராது. போதாக்குறைக்கு மூக்கும் சளியால் அடைத்திருக்கும். முலைக்காம்பு வாயை மூட, மூக்கு வழியும் அடைபட்டால், குழந்தை என் செய்யும்? இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மார்பை விட்டுவிட்டு அழும். மீண்டும் பற்றும், மீண்டும் விடும். சற்று நேரத்தில் களைத்துப்போய்த் தூங்கிவிடும்.

இதைக் காணும் தாய், “பால் பிடிக்கவில்லை போலும்” என்றோ “எனக்குப் பால் வற்றிவிட்டது” என்றோ எண்ணுவதுண்டு. சளியுள்ள குழந்தை மார்பைப் பற்றிப் பற்றி விடுமானால், முதலில் மூச்சைத்தான் பார்க்க வேண்டும்.

தாய்ப்பாலை மில்லிலிட்டரில் அளக்க இயலாது. ஆயினும் மூன்று செய்திகளைக் கொண்டு அதனைக் கணக்கிடலாம். முதலாவது, ஒரு நாளில் எத்தனை முறை குடித்தது. இரண்டாவது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் விடாமல் குடித்தது. மூன்றாவது, எத்தனை முறை சிறுநீர் கழித்தது. வழக்கமாக எட்டு முறை குடிக்கும் குழந்தை அதே எட்டு முறை மார்பைத் தேடினாலும், பதினைந்து நிமிடத்துக்குப் பதிலாக ஐந்து நிமிடமே குடித்தால், பால் பாதிக்கும் கீழே போய்விட்டது என்று கொள்ள வேண்டும். சிறுநீர் இதற்குச் சான்று. வழக்கத்தில் ஆறு முறைக்கு மேல் நனையும் துணி, மூன்று நான்கு முறை மட்டுமே நனைந்தால் குடிப்பது குறைந்திருக்கிறது. பன்னிரண்டு மணி நேரமாகத் துணி நனையவே இல்லையென்றால் உடனே புறப்பட வேண்டும்.

மூச்சை எண்ணும் முறை

மூச்சை எண்ணக் கருவி எதுவும் வேண்டா. வினாடி காட்டும் கைக்கடிகாரமோ செல்பேசியோ போதும். குழந்தை தூங்கும்போதோ, அழாமல் மடியில் கிடக்கும்போதோ எண்ண வேண்டும். அழும் குழந்தையின் மூச்சு எப்போதும் விரைவாகவே இருக்கும், அக்கணக்குப் பயன்படாது. தூளியில் கிடக்கும் குழந்தையை வெளியே எடுத்துச் சமமான இடத்தில் மல்லாக்கக் கிடத்துக. தூளியில் உடல் வளைந்து, நெஞ்சு மறைந்திருக்கும். நோயுற்ற நாட்களில் தலை முன்சாய்ந்து மூச்சுவழி மடியாதிருக்கவும் தூளியைத் தவிர்ப்பது நல்லது.

சட்டையை மார்புவரை உயர்த்திவிட்டு, வயிற்றையும் அடிமார்பையும் பாருங்கள். மேலெழுந்து தாழ்வது ஒரு மூச்சு. முழுதாக அறுபது வினாடி எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது கைக்குழந்தைக்குப் பொருந்தாது. ஏனெனில் அதன் மூச்சு சற்று விரைந்தும் சற்று நின்றும் வரும் இயல்புடையது. எண்ணிக்கை மிகுதியாகத் தோன்றினால் இன்னொரு முறை எண்ணுக.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறைப்படி, இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் விரைந்த மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும்வரை 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல். காய்ச்சல் மூச்சை விரைவாக்கும் என்பது உண்மை. மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்து, காய்ச்சல் இறங்கியபின் மீண்டும் எண்ணலாம். ஆனால் நெஞ்சு குழிவிழுகிறதென்றால் அதற்காகக் காத்திராதீர்கள்.

எண்ணும்போதே வேறு சிலவற்றையும் பாருங்கள். மூச்சிழுக்கையில் விலாவின் அடிப்புறம் உள்வாங்குகிறதா? மூக்கின் இரு புறமும் விடைக்கின்றனவா? மூச்சு விடும்போதெல்லாம் முனகல் கேட்கிறதா? தலை மேலும் கீழும் ஆடுகிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும், எண் என்னவாயினும், குழந்தை மூச்சுக்காக உழைக்கிறது என்று பொருள்.

பலரை ஏமாற்றும் ஓர் அறிகுறியையும் இங்கே சொல்ல வேண்டும். நேற்று அறுபத்தைந்து இருந்த மூச்சு இன்று நாற்பதாகிவிட்டது, இரைப்பொலியும் அடங்கிவிட்டது. இது குணமா, கேடா? குழந்தை விழித்துப் பார்த்து, பால் குடித்து, கைகால் அசைத்தால் அது குணம். குழந்தை துவண்டு கிடந்து, எழுப்பினாலும் கண் திறவாமல், பாலும் தேடாமல் இருந்தால், மூச்சுத்தசைகள் களைத்துப்போய்விட்டன என்பது பொருள். அது மிகப் பெரிய ஆபத்து. எண்ணை ஒருபோதும் தனியாகப் பார்க்கக்கூடாது. பாலோடும் விழிப்போடும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு குழந்தையின் ஏழு நாட்கள்

சொன்னவற்றை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துக் காண்போம். இது எந்த ஒரு குழந்தையின் வரலாறும் அன்று. நோய் வழக்கமாகச் செல்லும் போக்கை வைத்து நாங்கள் அமைத்துக்கொண்டது.

பழவேற்காட்டை அடுத்த ஒரு குப்பம். நான்கு மாத ஆண் குழந்தை, எடை 6 கிலோ. தந்தை விடியுமுன் படகேறிவிடுவார். தாய் மீன் விற்கச் செல்லும் வேளையில் பாட்டி பார்த்துக்கொள்கிறார். ஐந்து வயது அக்காளுக்குச் சில நாட்களாகச் சளி.

முதல் நாள் குழந்தைக்கு மூக்கொழுகுகிறது. பால் வழக்கம்போல் எட்டு முறை. இரண்டாம் நாள் சிறு காய்ச்சலும் இருமலும். பால் ஏழு முறை. தூங்கும்போது மூச்சு 44. துணி ஆறு முறை நனைந்தது. இந்நிலையில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் மூக்குக்கான உப்புநீர்ச் சொட்டை, ஒவ்வொரு நாசியிலும் இரண்டு துளி, பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு விட்டு, தளர்ந்த சளியைச் சுத்தமான மெல்லிய துணித்திரியால் துடைத்தெடுக்கலாம். பாலைக் குறைந்த நேரமாகவும் அடிக்கடியும் கொடுக்கலாம்.

மூன்றாம் நாள் காலை மூச்சு 52. மார்பைப் பற்றி ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறான். இருமி, குடித்ததைக் கக்குகிறான். முதல் நாள் இரவு முதல் துணி இருமுறையே நனைந்துள்ளது. இப்போது இரு கணக்கும் எல்லை கடந்துவிட்டன: மூச்சு ஐம்பதுக்கு மேல், பால் பாதிக்குக் கீழ். அன்று பகலிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். மாலைவரை பார்ப்போம் என்று இருந்தால் என்ன ஆகும்? மாலையில் மூச்சு 62, விலாவின்கீழ்க் குழி, மார்பில் வாய் வைத்து நக்குவதோடு சரி. உச்ச நாட்கள் இனிமேல்தான். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி சாலை வழியே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அடைமழை இரவில் வண்டி தேடுவது எளிதன்று. பகலில் எடுக்கும் முடிவே குழந்தைக்குப் பாதுகாப்பு.

மூன்றாம் நாள் மாலை அவனை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள் என்று கொள்வோம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 88 விழுக்காடு என்று காட்டுகிறது. நலமான குழந்தைக்கு 95க்கு மேல் இருக்கும். 90க்குக் கீழே சென்றால் ஆக்சிஜன் தர வேண்டும். மூக்கின் நுனியில் இரு சிறு குழல்களைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவில் ஆக்சிஜன் தரப்படுகிறது. அளவு 94க்கு உயர்கிறது. மூச்சோ இன்னும் அறுபதுக்கு மேல். எனவே வாய்வழிப் பால் நிறுத்தப்பட்டு, மூக்கு வழியே வயிற்றுக்குச் செல்லும் மெல்லிய குழாய் போடப்படுகிறது. மக்கள் ரைல்ஸ் டியூப் என்று சொல்வது இதுவே. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலிட்டர் என மருத்துவர் கணக்கிடுகிறார். 6 கிலோவுக்கு 600 மில்லிலிட்டர். இரண்டு மணிக்கொருமுறை என்றால் பன்னிரண்டு வேளை, வேளைக்கு 50 மில்லிலிட்டர். தாய் பீய்ச்சித் தரும் பாலே அது.

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் பெரிய மாற்றம் இல்லை. மூச்சு 64, பின் 58. வீட்டார் கலங்கும் நாட்கள் இவை. ஆறாம் நாள் 46. ஆக்சிஜன் மெல்லக் குறைக்கப்படுகிறது. குழந்தை மார்பைத் தேடுகிறான். அன்றிரவு முழுதும் ஆக்சிஜன் இன்றியே தூங்குகிறான். அளவு 94க்குக் குறையவில்லை. ஏழாம் நாள் வழக்கமான பாலில் முக்கால் பங்குக்குமேல் தானே குடித்ததும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். இருமல் இன்னும் இருக்கிறது. அது இருக்கத்தான் செய்யும்.

மருத்துவமனையில் செய்வனவும் செய்யாதனவும்

“பிள்ளைக்கு ஊசி ஒன்றும் போடவில்லையே, இதற்கா இத்தனை நாள்?” என்று உறவினர் கேட்பதுண்டு. இதற்கு நேரான விடை தர வேண்டியது எம் கடமை. இக்கிருமியை அழிக்கும் வழக்கமான மருந்து இல்லை. குழந்தையின் உடலே சில நாட்களில் அதை வெல்லும். அதுவரை ஆக்சிஜனும் நீரும் பாலும் குறையாமல் காப்பதும், மூக்கை அடைக்கும் சளியை அவ்வப்போது உறிஞ்சி எடுப்பதும், நிலை மோசமாகிறதா என்று இரவும் பகலும் பார்ப்பதுமே சிகிச்சை. இது ஒன்றும் செய்யாமலிருப்பது அன்று. அந்த மூன்று நாட்களைக் குழந்தை களைத்துப்போகாமல் கடக்கச் செய்வதே இதன் பயன்.

ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யா. பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்திருப்பதற்கான அடையாளம் இருந்தால் மட்டுமே அவை தரப்படும். நெபுலைசரில் தரும் ஆஸ்துமா மருந்து, குழலைச் சுற்றியுள்ள தசையின் இறுக்கத்தைத் தளர்த்துவது. இங்கே அடைப்பு தசையால் அன்று, வீக்கத்தாலும் சளியாலும். ஆகவே பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனால் பயனில்லை. ஸ்டீராய்டு மருந்தும் அவ்வாறே. எக்ஸ்ரேயும் ஐயமுள்ளபோது மட்டும் எடுக்கப்படும். தேவையற்ற ஒவ்வொரு ஊசியும் குழந்தையை அழச்செய்யும். அழுகை அதன் சிறு வலிமையையும் செலவழித்துவிடும். குழந்தையை அடிக்கடி தொடாமல் அமைதியாக விடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மூக்குக் குழாயைக் கண்டு தாய்மார் அஞ்சுவர். அது மூச்சுக்குழாய் அன்று. பால் செல்லும் வழி. மூச்சு தணிந்ததும் எடுத்துவிடலாம். அதுவரை தாய் மூன்று மணிக்கொருமுறையேனும் பாலைப் பீய்ச்சி வரவேண்டும்; இல்லாவிடில் குழந்தை மீண்டும் மார்பைத் தேடும் நாளில் பால் குறைந்திருக்கும். மூச்சு மிக விரைந்து, வயிற்றில் பால் இருப்பதுகூடச் சுமையாகும் நிலையில், சிரை வழியே டிரிப்ஸ் ஏற்றப்படும்.

சாதாரண ஆக்சிஜன் போதாத குழந்தைகளும் சிலர் உண்டு. அவர்களுக்கு வெப்பமும் ஈரமும் ஊட்டிய காற்றை மிகுந்த வேகத்தில் மூக்கு வழியே தரும் கருவியோ, மூச்சு விடும்போது நுண்குழல்கள் மூடிக்கொள்ளாதபடி இடைவிடாத அழுத்தம் தரும் சி-பாப் கருவியோ தேவைப்படும். சி-பாப்பின் ஒரு வகையில் வெளிமூச்சுக் குழாயின் முனை நீரில் அமிழ்ந்திருக்கும். நீர் குமிழியிடுவதைக் கண்டு கோளாறு என்று அஞ்ச வேண்டா. குமிழி நிற்பதுதான் செவிலியரிடம் சொல்ல வேண்டிய செய்தி. இவ்வசதி தேவைப்படும்போது, சென்னை எழும்பூரிலுள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற பெரிய நிலையத்துக்கு, ஆக்சிஜனுடன் ஆம்புலன்சில் அனுப்பப்படலாம். செயற்கைச் சுவாசக் கருவி மிகச் சிலருக்கே வேண்டியிருக்கும்.

வீட்டில் தவிர்க்க வேண்டியவை

நம் பகுதியில் பிள்ளையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது வழக்கம். நலமான நாளிலும் அப்புகை நுண்குழல்களை உறுத்தும். சளியுள்ள நாளில் அது வீக்கத்தை மிகுவிக்கும். கொசுவத்தி, பீடி, விறகடுப்பு ஆகியவற்றின் புகையும் அவ்வாறே. அடுப்பெரியும் அறையில் குழந்தையைக் கிடத்தலாகாது.

விரைந்து மூச்சுவிடும் குழந்தையின் வாயில் உரைமருந்தையோ எண்ணெயையோ புகட்டுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் மிகுந்த ஆபத்து. பாலையே விழுங்க இடைவெளி இல்லாத குழந்தை அதனை நுரையீரலுக்குள் இழுத்துவிடும். தொக்கம் எடுப்பதாகத் தொண்டையில் விரல் விடுவதும் வாந்தி எடுக்கச் செய்வதும் கூடா. கற்பூரம் சேர்ந்த தைலத்தைக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்க்கலாகாது. கற்பூரம் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கவல்லது. கடையில் கிடைக்கும் சளி, இருமல் மருந்துகளும் வேண்டா. அவற்றுள் பெருவழக்கிலுள்ள ஒரு கூட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோர்க்குத் தரலாகாதென 2023ஆம் ஆண்டு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியுள்ளது.

இக்கிருமி பெரும்பாலும் கைகளின் வழியே பரவுகிறது. சளியுள்ள அக்காளோ அண்ணனோ கை கழுவாமல் குழந்தையை முத்தமிடுவதைத் தடுப்பது கடினம். ஆயினும், குழந்தையைத் தூக்குவோர் அனைவரும் சோப்பால் கை கழுவிய பின்பே தொட வேண்டும் என்ற ஒரே விதியை வீட்டில் வைக்கலாம்.

எப்போது புறப்பட வேண்டும்?

மூச்சு வயதுக்குரிய எல்லையை எட்டினாலோ, பால் வழக்கத்தில் பாதியளவாகக் குறைந்தாலோ, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறவியிலேயே இதயக் குறையுள்ள குழந்தை ஆகியோருக்கு இந்த எல்லைவரையும் காத்திருக்கலாகாது. சளியோடு பால் சற்றே குறைந்தாலும் காட்டிவிட வேண்டும். இவர்களுக்கு இரைப்பு தோன்றுமுன்பே மூச்சு இடையில் நின்றுபோகக்கூடும்.

பத்து வினாடிக்குமேல் மூச்சு நின்றால், உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால், நெஞ்சு ஆழமாகக் குழிவிழுந்தால், குழந்தை துவண்டு எழுப்ப முடியாதிருந்தால், பாலை அறவே மறுத்தால் நேரம் பார்க்காதீர்கள், 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குழந்தையைத் தோளோடு சாய்த்து, கழுத்து மடியாதபடி நிமிர்த்திப் பிடியுங்கள். வாயில் எதுவும் புகட்டாதீர்கள்.

வீட்டிலிருந்து வரும்போது ஒரு தாளில் மூன்றே செய்திகளை எழுதிவாருங்கள்: சளி தொடங்கிய நாள், கடைசியாக எண்ணிய மூச்சும் அதன் நேரமும், நேற்றிலிருந்து குடித்த பாலும் நனைந்த துணியும். எழுத இயலாதவர் வாய்மொழியாகவே சொல்லலாம். அத்தாளைக் கண்டதும் குழந்தை நோயின் எந்த நாளில் நிற்கிறது, நிலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு அனுப்பலாமா, இரவு முழுதும் வைத்துப் பார்க்க வேண்டுமா என்ற முடிவையும் பெரும்பாலும் அதைக் கொண்டே எடுக்கிறோம்.